21 நாளில் முடியாத 28 மணி நேரப் புத்தகம்

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரிய உறுப்பினர் என்றால் லிப்பி செயலியில் மின்னூலும் ஒலிநூலும் காசில்லாமல் இரவல் வாங்கலாம். செயலிக் கடையில் Libby என்று தேடி இறக்கி, நூலகக் கணக்கை இணைத்தேன். பத்து நிமிட வேலை. தடுமாறியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆசைப்பட்ட நாவலைத் தேடினால் Borrow என்ற பொத்தானே இல்லை, Place Hold என்றிருந்தது. மின்னூலுக்கு என்ன வரிசை என்று எரிச்சலாக வந்தது. நூலகம் எத்தனை பிரதிக்கு உரிமம் வாங்கியிருக்கிறதோ, ஒரு நேரத்தில் அத்தனை பேர்தான் படிக்க முடியுமாம். அந்த நாவலுக்கு 6 பிரதி, 40 பேர் காத்திருந்தார்கள். பிரதிக்கு ஏழு பேர், இரவல் கெடு ஆளுக்கு 21 நாள், அதாவது மூன்று வாரம் என்றால் எனக்கு வர ஐந்து மாதம் ஆகும். சிலர் முன்னதாகவே திருப்பிவிடுவார்கள் என்பதால் கொஞ்சம் குறையலாம். பெயரைப் பதிந்துவிட்டு, உடனே கிடைப்பதை மட்டும் காட்டும் Available Now வடிகட்டியைப் போட்டேன்.

அங்கேதான் பேராசை. 28 மணி நேரம் ஓடும் ஒரு வரலாற்று ஒலிநூலை எடுத்தேன். நான் கேட்பது வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில்தான், போக 40 நிமிடம், வர 40. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 21 நாளில் மொத்தமே 20 மணி நேரம். இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. கடைசி வாரம் வேகத்தை 1.5க்கு ஏற்றினேன். வாசிப்பவர் ரயிலைப் பிடிக்க ஓடுபவர் மாதிரி மூச்சுவிடாமல் பேசினார், மன்னர்களின் பெயர்கள் எல்லாம் குழம்பிவிட்டன. நீட்டிக்கலாம் என்றால் வேறு யாரோ முன்பதிவு செய்துவிட்டார்கள். கெடு முடிந்த அன்று நூல் தானாகவே போய்விட்டது. அபராதம் கிடையாது, முடிக்காத கதைதான் மிச்சம்.

அடுத்து ஆறு மணி நேர நூல் ஒன்று எடுத்தேன். எடுக்கும் முன் மாதிரிப் பகுதியை ஐந்து நிமிடம் கேட்டேன். எவ்வளவு நல்ல நூலானாலும் வாசிப்பவர் குரல் பிடிக்காவிட்டால் எனக்கு ஓடாது. ஒரே வாரத்தில் முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த அளவிலேயே தொடங்கலாம். பெயர்களும் ஆண்டுகளும் நிறைந்த நூல் என்றால் மின்னூலாக எடுப்பதே மேல். பின்னால் புரட்டிப் பார்க்கலாம்.

வரலாற்று நூலுக்கு மறுபடி பெயர் பதிந்திருந்தேன். முறை வந்ததும் செயலி சொன்னது, மூன்று நாளுக்குள் எடுக்க வேண்டும். அப்போது கையில் இன்னொரு நூல் பாதியில் இருந்தது. Deliver Later அழுத்தினேன். வரிசையில் என் இடம் அப்படியே இருக்க, நூல் அடுத்தவருக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது, விட்ட அதே வரியிலிருந்து ஓடத் தொடங்கியது.