ஆண்டு விழா வீடியோ: பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிய கதை

திருமங்கலம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான் ஒருங்கிணைப்பாளர். ஆண்டு விழா வேலை முழுக்க என் தலையில்தான் விழும். மேடை, மைக்செட், பொன்னாடை எல்லாம் ஒரு ராத்திரியோடு முடிந்துவிடும். வீடியோ மட்டும் சித்திரைத் திருவிழா வரைக்கும் இழுக்கும். "என் பிள்ளை பின்வரிசையில நின்னுச்சு, மூஞ்சியே தெரியல மிஸ்" என்று ஒருவர் வருவார். "எம்பொண்ணு ஆடினது எவனோ ஸ்டேட்டஸ்ல போட்ருக்கான், யாரு குடுத்தா?" என்று இன்னொருவர் வருவார். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான். அதனால் இந்த முறை விழாவுக்கு முன்பே, எதை எடுப்போம், யார் தேர்ந்தெடுப்பார்கள், எங்கே வைப்போம், எப்போது அழிப்போம் என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பெற்றோருக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம்.

பக்கம் ஒன்றுதான். ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வாக்குவாதம் உண்டு.

முதல் வாக்குவாதம் தேர்வைப் பற்றி. தாளாளருக்குத் தலைமை விருந்தினர் பேச்சு முழுசாக வேண்டும். வகுப்பாசிரியர்களுக்குத் தங்கள் வகுப்பில் நன்றாக ஆடிய நாலு பிள்ளைகள் பளிச்சென்று வர வேண்டும். வீடியோ எடுக்கும் தம்பி கல்யாண வேலை பழகியவர். விட்டுவிட்டால் சிரிக்கிற முகமாகப் பார்த்து ஸ்லோமோஷனில் கோத்துவிடுவார். மூன்று வழியிலும் பின்வரிசைப் பிள்ளை காணாமல் போகும். கடைசியில் கடிதத்தில் இப்படி எழுதினேன்:

"ஒவ்வொரு நிகழ்ச்சியிலிருந்தும் அதிகபட்சம் மூன்று நிமிடம் எடுக்கப்படும். சிறப்பாக ஆடியவர் யார் என்பது தேர்வுக்கான அளவுகோல் அல்ல. சம்மதம் தந்த வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் ஒரு முறையாவது முகம் தெரியும்படி வருகிற பகுதியே தேர்ந்தெடுக்கப்படும். வகுப்பாசிரியர், ஒருங்கிணைப்பாளர், வேறு வகுப்பைச் சேர்ந்த ஒரு பெற்றோர் ஆகிய மூவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம்."

வேறு வகுப்புப் பெற்றோர் என்று போட்டதற்குக் காரணம் உண்டு. சொந்தப் பிள்ளை ஆடும்போது யாருக்கும் மற்ற பிள்ளை கண்ணில் படாது.

முகம் தெரிகிறதா என்று பார்ப்பது லேசான வேலை. வகுப்பு வருகைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓடவிட வேண்டும். முகம் தெரிகிற பிள்ளையின் பேருக்கு நேராக டிக் போட வேண்டும். டிக் விழாத பேர் மிச்சமிருந்தால் அந்தப் பகுதி ஆகாது, வேறு பகுதி தேட வேண்டும்.

அடுத்தது சம்மதம். "வீடியோ எடுக்கச் சம்மதம்" என்று ஒரே கட்டம் வைத்தால் எல்லாரும் ஆம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எதற்குச் சம்மதித்தோம் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதனால் கிழித்துத் தரும் சீட்டில் கேள்வியை இரண்டாகப் பிரித்தோம். வகுப்புப் பெற்றோர் மட்டும் பார்க்கும் வீடியோவில் என் பிள்ளை வரலாமா? பள்ளியின் பொதுப் பக்கத்தில் வரலாமா? முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்றுதான் நிறையப் பேர் எழுதினார்கள். ஒரே கட்டமாக இருந்திருந்தால் இது தெரியவே வந்திருக்காது.

சீட்டு திரும்பி வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே எடுத்துக்கொள்வோம் என்றும் எழுதினோம். பிரின்சிபல் சாருக்கு இது பிடிக்கவில்லை. "பாதிப் பேரு மறந்துடுவாங்கம்மா" என்றார். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் எல்லாரையும் குழந்தை என்றே சொல்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதமும் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. பேசாமல் இருந்ததைச் சம்மதமென்று எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். சரி என்றுவிட்டார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பாக்கள் சிலர், வீட்டில் தாத்தா பாட்டிதான். அந்த வீடுகளுக்கு வகுப்பாசிரியரே போன் போட்டு அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு, தேதியோடு சீட்டின் பின்னால் குறித்து வைத்தார்.

"வேண்டாம் என்று எழுதினாலும் உங்கள் பிள்ளை மேடையில் ஆடுவதில் எந்த மாற்றமும் இராது" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டோம். இந்த வரி இல்லையென்றால் பயத்திலேயே எல்லாரும் ஆம் என்று எழுதுவார்கள்.

இதெல்லாம் நடைமுறையில் எப்படி வந்தது என்பதற்கு மூன்றாம் வகுப்பு ஒயிலாட்டத்தைச் சொல்கிறேன். 28 பிள்ளைகள், இரண்டு வரிசை, கையில் துணி. ஆட்டம் ஐந்து நிமிடத்துக்கு மேல். ஒரு பையனின் அம்மா இரண்டு கேள்விக்குமே இல்லை என்று எழுதியிருந்தார். குடும்பத்தில் ஒரு வழக்கு நடக்கிறது, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று வெளியே தெரியக் கூடாது. அதை அவர் எங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் சொன்னார். பையன் முன்வரிசையில் இடது ஓரம்.

வீடியோ தம்பி முதலில் அவன் முகத்தை மட்டும் மங்கலாக்கித் தந்தார். பார்த்ததும் வேண்டாம் என்றேன். 27 முகம் தெளிவாக இருக்க, ஒன்று மட்டும் மங்கலாக நகர்ந்துகொண்டே இருந்தால், பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். "யாரு அது? ஏன் மறைச்சிருக்காங்க?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கிளம்பும். மறைக்க நினைத்ததை விளம்பரம் பண்ணின மாதிரி ஆகிவிடும்.

அடுத்த வழி ஓரத்தை வெட்டுவது. இங்கேதான் முன்கூட்டியே சொல்லி வைத்தது கைகொடுத்தது. மண்டபத்தின் பின்பக்கம் மேசை மேல் ஸ்டாண்டு போட்டு, மேடை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒரு கேமராவை அசையாமல் 4K-யில் ஓடவிடச் சொல்லியிருந்தோம். 4K படத்தில் 3840×2160 புள்ளிகள். நாங்கள் கடைசியில் கொடுப்பது 1920×1080, அதாவது அதில் கால் பங்கு. ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கினாலும் முகம் கலங்காது. முதலிலேயே 1080-இல் எடுத்திருந்தால் வெட்டிய படம் மாவாகிவிடும். மேசை மேல் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போனைத் தூக்கினாலும் படம் மறையாது.

ஆனால் வெட்டினால் அந்தப் பையனுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். பட்டியலில் டிக் விழவில்லை. ஆட்டத்தின் பின்பாதியில் வரிசைகள் இடம் மாறும், பின்வரிசை முன்னால் வரும். அந்த இடத்தில் மேடைக்கு வலப்பக்கம் நின்ற இரண்டாவது கேமராவில் அந்த இரண்டு பேரும் தெளிவாக விழுந்திருந்தார்கள், பையன் உயரமான ஒரு பெண்ணுக்குப் பின்னால் போய்விட்டான். முன்பாதியில் ஓரம் வெட்டிய பகுதி, பின்பாதியில் வலப்பக்கக் கேமரா என்று சேர்த்ததும் 27 டிக்கும் விழுந்தது.

படம் முடிந்தது என்று நிமிர்ந்தால் ஒலியில் பிரச்சினை. ஆட்டம் தொடங்குமுன் தொகுப்பாளர் மாணவி ஆடுகிறவர்கள் பேரை எல்லாம் வாசிக்கிறாள், அந்தப் பையன் பேரும் அதில் இருக்கிறது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டு நேராகத் தாளத்தில் தொடங்கினோம். முகத்தைப் பார்க்கிறவர்கள் காதை மறந்துவிடுகிறோம். அவன் அம்மா ஒரு சனிக்கிழமை வந்து, கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, வெட்டாத ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டுப் போனார். சம்மதம் தராத வீட்டாருக்கு இப்படி ஒரு ஏற்பாடு உண்டு என்பதும் கடிதத்தில் இருந்தது.

பகிர்வதற்கு முதலில் வாட்ஸ்அப் குழு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதில் வீடியோ அமுங்கித் தெளிவு போய்விடும், ஒரு தட்டு தட்டினால் ஊருக்கே போகும். யூடியூபில் Unlisted என்று போட்டாலும் இணைப்பு கிடைத்தவர் யாரும் பார்க்கலாம். போதாததற்கு, சினிமாப் பாட்டு இருந்தால் உரிமையாளர் கோரிக்கை வந்து நிற்கும்.

பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(j) பிரிவு, பள்ளி நிகழ்ச்சியில் பாட்டு ஒலிபரப்புவதற்கு விலக்குத் தருகிறது. ஆனால் பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். மேடையில் ஆடியது அந்த வட்டத்துக்குள் அடங்கும். அதையே ஊரறிய இணையத்தில் போட அந்த விலக்கை நம்பி இறங்க முடியாது. அதனால், "சினிமாப் பாட்டு ஒலித்த எந்த நிகழ்ச்சியும் பொதுப் பக்கத்தில் வராது" என்று எழுதினோம். பிள்ளைகளே பாடி, பறை அடித்து ஆடிய வரவேற்பு நிகழ்ச்சி மட்டும் அங்கே போனது, அதுவும் இரண்டாவது கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஆம் வந்ததால்.

மற்றவை கூகுள் டிரைவில், வகுப்புக்கு ஒரு கோப்புறை. பகிர்வில் Restricted வைத்து, பெற்றோரின் ஜிமெயில் முகவரியைச் சேர்த்தோம். முகவரி வாங்குவதுதான் பெரும்பாடு. பல வீட்டில் போன் வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்த ஜிமெயில், என்னவென்று அவர்களுக்கே தெரியாது. Play Store திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் முகவரி தெரியும் என்று சீட்டிலேயே அச்சடித்தோம். அப்புறம் வந்த போன்கள் வெகுவாகக் குறைந்தன. மூன்று நிமிட வீடியோ சுமார் 180 எம்.பி. ஏற்றிய உடனே டிரைவில் ஓடாது, அது தயாராகக் கொஞ்ச நேரம் எடுக்கும். முந்தின நாளே ஏற்றிவிட்டு, நம் போனிலேயே ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

பதிவிறக்கத்தை அணைத்து வைத்தோம். இது முழுப் பாதுகாப்பு என்று கடிதத்தில் சொல்லவில்லை. "திரையைப் பதிவு செய்வதை எங்களால் தடுக்க முடியாது. மற்ற பிள்ளைகள் தெரியும் பகுதியை ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்" என்றுதான் எழுதினோம். ஓரிருவர் வைத்தார்கள். போன் போட்டுச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 30 அன்று கோப்புறைகளை மூடினோம், தேதி கடிதத்தில் இருந்ததுதான். மே மாதம் ஓர் அப்பா துபாயிலிருந்து கூப்பிட்டு, "இப்பத்தான் லீவு கெடச்சுச்சு, பாக்கவே இல்ல மிஸ்" என்றார். அவருக்கு மட்டும் ஒரு வாரம் திறந்துவிட்டேன். மூலப்பதிவு அலுவலக பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, அடுத்த விழாவரை இருக்கும்.

அடுத்த வருஷம் கடிதம் தனியாகப் போகாது. டிசம்பரில் ஆட்ட உடைக்குக் காசு கேட்டு ஒரு கவர் கொடுத்து அனுப்புவோம். காசு வைக்க வேண்டியிருப்பதால் எல்லா வீட்டிலும் அதைப் பிரிப்பார்கள், கவரும் பத்திரமாகத் திரும்பி வரும். சம்மதச் சீட்டை அந்தக் கவருக்குள்ளேயே வைக்கப் போகிறேன்.