அனுமதிப் பக்கத் தலைப்புகளும் அதிபருக்கு ஒரு கடிதமும்

திருமலையில் இருந்துகொண்டு சுயாதீனமாக எழுதிப் பிழைக்கிற எனக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுடையது. இணையப் பக்கத் தலைப்புகளைத் திருத்தித் தருவதாக அவர்களுக்கு முன்மொழிவு எழுதுவது சுலபம். "உங்கள் பக்கத்துக்கு இன்னும் நிறையப் பேர் வருவார்கள்" என்று ஒரு வரி போட்டால் போதும், கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். நகரத்துப் பாடசாலை ஒன்றின் அதிபருக்கு அந்த வரியை எழுத முடியாது. தரம் 1க்கு இருக்கிற இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வருகிற பாடசாலை அது. இன்னும் ஆட்கள் வருவார்கள் என்றால் மனிதர் தலையில் கைவைப்பார்.

அவருடைய தலையிடி வேறு. அனுமதிக் காலத்தில் அலுவலகத் தொலைபேசி ஓயாது. "போம் குடுக்கிறீங்களா?", "முடிவுத் திகதி போயிட்டுதா?", "என்ர பிள்ளைக்கு வயசு காணுமா?" இதற்கெல்லாம் பதில் பாடசாலையின் இணையத்தளத்தில் ஏற்கெனவே இருந்தது. தேடுகிற பெற்றோர் கண்ணில் அது படவில்லை, அவ்வளவுதான். ஆகவே கடிதத்தின் முதல் பந்தியைத் தொலைபேசியிலிருந்தே தொடங்கினேன்: "மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு, தங்கள் இணையத்தளத்தின் அனுமதிப் பக்கங்களுக்கு இப்போது உள்ள தலைப்புகளைப் பார்த்து, எது எந்தத் தரத்துக்கு, எந்த ஆண்டுக்கு என்று பெற்றோரால் அறிய முடியவில்லை. அதைத் திருத்துவதற்கான முன்மொழிவு இது."

தலைப்பு என்று நான் சொன்னது பக்கத்தின் உள்ளே பெரிய எழுத்தில் இருக்கும் தலையங்கத்தை அல்ல. கூகிளில் தேடும்போது சொடுக்குகிற அந்த வரி பெரும்பாலும் பக்கத்தின் நிரலில் `<title>` என்ற இடத்தில் எழுதியிருப்பதிலிருந்துதான் வருகிறது. வட்ஸ்அப்பில் இணைப்பைப் போட்டால் கீழே தடித்த எழுத்தில் விழுவதும், தனியாக வேறொன்று குறிப்பிடாவிட்டால், அதுதான். இதை எழுத்தில் விளக்கி ஒரு அதிபரின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று நினைத்து, அனுமதிப் பக்கத்தின் இணைப்பை வட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, திரையைப் படம் எடுத்து, அச்சடித்துக் கடிதத்தோடு இணைத்தேன். அதில் தெரிந்தது பாடசாலையின் பெயரும் பிறகு மூன்று புள்ளியும் மட்டும்.

ஏன் அப்படி? ‘தி/’ என்று தொடங்கும் முழுப்பெயர் முன்னால் நிற்கிறது. நம் பாடசாலைப் பெயர்கள் நீளம். தமிழ் எழுத்தும் அகலம். தலைப்புக்கு இத்தனை எழுத்துத்தான் என்று கூகிள் வரையறை வைக்கவில்லை, ஆனால் திரையின் அகலத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும். கைபேசியில் பெயர் முடிவதற்குள் இடமும் முடிந்துவிடுகிறது. அனுமதி என்று சொல்லும் சொல் வெட்டுப்பட்ட பகுதியில் கிடக்கிறது, தரமும் ஆண்டும் தலைப்பில் இல்லவே இல்லை. பெயரைப் பின்னால் தள்ளுவதுதான் நான் கேட்ட முதல் மாற்றம். கடிதத்தில் பழைய தலைப்பையும் புதியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டேன்:

```
<title>(பாடசாலையின் முழுப்பெயர்) - Admission</title>
<title>தரம் 1 அனுமதி 2026: விண்ணப்பமும் இறுதித் திகதியும் | (சுருக்கப் பெயர்)</title>
```

முதல் வரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கம் முழுக்கத் தமிழ், தலைப்பின் முக்கியச் சொல் மட்டும் ஆங்கிலம். இப்படி மொழி பொருந்தாவிட்டால் கூகிள் நாம் எழுதியதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து வேறெதையாவது எடுத்துத் தலைப்பாகக் காட்டக்கூடும். பழைய ஆண்டு அப்படியே கிடந்தாலும் அதுவே நடக்கலாம். மாற்றிக் காட்டுவது சில நேரம் நல்லதாக அமையும், சில நேரம் யாரோ போட்ட "இங்கே அழுத்தவும்" தலைப்பாகிவிடும். நாமே சரியாக எழுதிவிடுவது மேல்.

ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதினேன். தரம் 1க்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டிலேயே கோரப்படும். 2025இல் விண்ணப்பிக்கிற பெற்றோருக்கு வேண்டியது 2026க்கான அனுமதி. "அறிவித்தல் 2025" என்று தலைப்பிருந்தால் சிலர் அது முடிந்த கதை என்று விட்டுவிடுவார்கள். பலர் போன் எடுப்பார்கள். எனவே தலைப்பில் பிள்ளை சேரும் ஆண்டு மட்டும் வரவேண்டும். ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்ற விதியைத் தலைப்புக்குள் திணிக்காமல், பக்கத்தின் முதல் வரியில் போடச் சொன்னேன்.

தரம் 6 பக்கத்தில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் எல்லாரும் தேடுவது வெட்டுப்புள்ளி. அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தால் ஆட்கள் வந்து குவிவார்கள். ஆனால் வெட்டுப்புள்ளியைத் தீர்மானிப்பது கல்வி அமைச்சு. பாடசாலைப் பக்கத்தில் அந்த எண் இல்லை. பக்கத்தில் இல்லாததைத் தலைப்பில் சொன்னால் வந்தவர் அதே வேகத்தில் தொலைபேசியைத்தான் எடுப்பார். "தரம் 6 அனுமதி: தெரிவானோர் கொண்டுவர வேண்டிய ஆவணங்கள்" என்று எழுதிக்கொடுத்தேன். உயர்தரப் பக்கத்துக்குப் பாடப்பிரிவுகளைத் தலைப்பிலேயே சொல்லலாம் என்றேன். தொழில்நுட்பப் பிரிவு எங்கே இருக்கிறது என்று மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து தேடுகிறவர்களுக்கு அது ஒன்றே போதும்.

விண்ணப்பப் படிவம் பீடிஎஃப் கோப்பாக இருந்தது. அந்தக் கோப்புக்கும் உள்ளே ஒரு தலைப்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. திறந்து பார்த்தால் `juk; 1 mDkjp` என்று இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துருவில் பார்த்தால் அது "தரம் 1 அனுமதி" என்றே தெரியும். கூகிளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. உள்ளடக்கமும் அதே எழுத்துருதான் என்பதால், தமிழில் தேடுகிற ஒருவருக்கு அந்தப் படிவம் அகப்படவே அகப்படாது. யுனிகோடில் மறுபடி தட்டி, கோப்பின் பண்புகளில் தலைப்பையும் எழுத வேண்டும். கடிதத்தில் இதற்கு இரண்டு வரிதான் கொடுத்தேன், ஆனால் வேலையில் பாதி இதுதான்.

என் கட்டணத்தை ஒரே தொகையாகக் கடைசிப் பந்தியில் போட்டேன், அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அப்படியே வாசிக்க வசதியாக. கடவுச்சொல் எனக்கு வேண்டாம் என்றும் எழுதினேன். இப்படியான தளங்களைச் செய்துகொடுத்தவர் அநேகமாக வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர். கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். தலைப்புகளைப் பட்டியலாகத் தருகிறேன், அவர் ஒட்டினால் சரி. மாற்றியதும் கூகிளில் உடனே தெரியாது, சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகலாம் என்பதையும் சேர்த்தேன். இல்லாவிட்டால் அடுத்த நாளே "ஒண்டும் மாறேல்லையே" என்று கேட்பார்கள்.

அதிபர் கூப்பிட்டனுப்பினார். கடிதத்தை மேசையில் விரித்து, வட்ஸ்அப் படத்தைத்தான் முதலில் தொட்டார். கட்டணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, அடுத்த வருஷம் இந்த 2026ஐ ஆர் மாத்துறது?"

"அலுவலகத்தில ஒருவர் அந்தப் பழைய மாணவருக்குச் சொல்லி மாத்தலாம், சேர். விண்ணப்பம் கோருற சுற்றறிக்கை வந்த அண்டைக்கே மாத்தினாச் சரி."

"அப்ப அதையும் இதில எழுதித் தாரும். ஆர், எப்ப எண்டு."

அந்த வரியைச் சேர்த்துப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தேன். அலுவலக எழுதுநர் ஒருவரின் பெயரை அதிபர் தன் கையாலேயே பக்கத்தில் குறித்தார்.