பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு மெயில்

டிசம்பர் 26
அரையாண்டு விடுமுறை. திருப்பூரில் பதினொரு வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கம்பெனி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகலாமா என்ற எண்ணம் கொஞ்ச நாளாகவே இருக்கிறது. இன்று கோவையில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். எம்.ஏ., பி.எட்., பொதுத்தேர்வில் முழுத் தேர்ச்சி என்று ஒரு பக்கம் நிறைந்தது. அனுப்பும் முன் என்னோடு பி.எட். படித்த தோழிக்குக் காட்டினேன். அவள் நான்கு வருடமாக டிரெயினர்.

டிசம்பர் 27
தோழி போன் செய்தாள். "இதைப் படிக்கிறவர் ஏதோ ஒரு கம்பெனி ஹெச்.ஆர்கிட்ட உன்னைக் காட்டிப் பேசணும். பெரியவங்களுக்கு நீ எப்போடி சொல்லிக் கொடுத்தே?"

கொடுத்திருக்கிறேன். ஜூனில் புதிதாகச் சேர்ந்த 14 ஆசிரியர்களுக்கு, டைரியில் பெற்றோருக்குக் குறிப்பு எழுதுவது பற்றி மூன்று மாலை வகுப்பு எடுத்தேன். "பையனுக்குக் கவனம் இல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள், "இரண்டு வாரமாக வீட்டுப்பாடம் வரவில்லை, செவ்வாயன்று வந்து பாருங்கள்" என்று எழுதத் தொடங்கினார்கள். மெயிலின் முதல் பத்தி இப்போது இதுதான். தேர்ச்சி விகிதத்தை எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 29
பயிற்சியின் தலைப்பாக 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' என்று போட்டால் யாருக்கு, எதற்கு என்றே தெரியாது. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்கள், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு எழுதும் மெயிலை மட்டும் எடுத்துக்கொண்டேன். அண்ணன் மகனுக்கு அந்த வேலைதான். பெயர்களை மறைத்துவிட்டு ஒரு மெயில் காட்டினான். சாயப்பட்டறையில் நிறம் சரியாக வராத கதை ஆறு வரி. சரக்கு பத்து நாள் தள்ளிப்போகும் என்பது ஏழாவது வரி. பையர் அதுவரை படிப்பாரா?

அதனால் இப்படி எழுதினேன்: "பயிற்சிக்குப் பின், தாமதத்தையும் புதிய தேதியையும் முதல் இரண்டு வரியிலேயே எழுதுவார்கள். ஆறு மணி நேரம், 20 பேர்." அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் ஒவ்வொருவர் மெயிலையும் நான் வாசிக்க முடியாது.

பலனை அளக்க, பயிற்சிக்கு முன் ஆளுக்கு இரண்டு மெயில், ஒரு மாதம் கழித்து இரண்டு மெயில் கேட்பேன். பயிற்சியை எடைபோட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. பள்ளித் தேர்வு இரண்டாம் படியோடு நின்றுவிடும். இந்த நான்கு மெயில்கள் மூன்றாம் படி.

ஜனவரி 3
பதில் வந்தது. 15 நிமிட டெமோ எடுக்கச் சொல்கிறார்கள். கூலி நாள் கணக்கு. இன்வாய்ஸ் கொடுத்து 45 நாள் கழித்துப் பணம், பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்தம். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டுகிறவள் இதை நம்பி இப்போதே ராஜினாமா செய்ய முடியாது. சனிக்கிழமைகளும் மே விடுமுறையும் தர முடியும் என்று எழுதினேன்.

அப்புறம் நியமன ஆணையை எடுத்துப் பார்த்தேன். வேறு வேலை செய்ய நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. திங்கட்கிழமை தாளாளரிடம் கடிதம் கொடுக்கிறேன். டெமோவுக்கு அந்த ஏழாவது வரி மெயிலையே எடுத்துப் போகிறேன்.