எந்த ஆண்டிலும் வராத நவம்பர்

எங்கள் ஜவுளிக்கடைக்கு 2025-ஆம் ஆண்டுக் கொள்முதலைத் திட்டமிட, 2022 முதல் 2024 வரையிலான விற்பனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த மாதம் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதைக் காட்டும் பருவக் குறியீடு கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

கடை வளர்ந்துகொண்டே வந்ததால், மூன்று ஆண்டு அக்டோபர்களையும் அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் 2024-இன் எடை கூடிவிடும். ஆகவே ஒவ்வொரு மாத விற்பனையையும் அந்தந்த ஆண்டின் மாதச் சராசரியால் வகுத்து, நூறால் பெருக்கினேன். ஜனவரி இரண்டாம் வரிசையில் இருக்கும் தாளில் அக்டோபருக்கு இதுதான் சூத்திரம்:

```
=B11/AVERAGE(B$2:B$13)*100
```

2022-இல் மாதச் சராசரி 10 லட்சம், அக்டோபர் விற்பனை 22 லட்சம், குறியீடு 220. அடுத்த இரண்டு அக்டோபர்களுக்கு 120, 210. நவம்பருக்கோ 60, 180, 70. மூன்றாண்டுச் சராசரியில் நவம்பர் 103 என்று வந்தது.

தாளைப் பார்த்த அப்பா, "தீபாவளி முடிந்தால் ஈ ஓட்டுவோமே, நூற்று மூன்று எப்படி வரும்?" என்றார். அவர் கேட்டது சரிதான். தீபாவளி 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. எங்கள் நவம்பர் ஒன்று படுத்துக் கிடக்கும், அல்லது பொங்கி எழும். 103 என்ற நவம்பர் எந்த ஆண்டிலும் வந்ததில்லை. ஒரே மாதத்தின் மூன்று எண்களும் இவ்வளவு விலகி நின்றால், பண்டிகை மாதம் மாறியிருக்கிறது என்று அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.

தினசரி பில் தொகைகளை எடுத்து, தீபாவளிக்கு முந்தைய 28 நாட்களை மட்டும் தனியே பிரித்துக் கூட்டினேன். 2023-இல் அது அக்டோபர் 15 முதல் நவம்பர் 11 வரை: 23.1 லட்சம். அந்த ஆண்டின் மாதச் சராசரி 11 லட்சத்தால் வகுத்தால் 210. மற்ற இரண்டு ஆண்டுகளுக்கும் அதே கணக்கில் 205, 202. தாறுமாறாகத் தெரிந்தவை ஒன்றோடொன்று ஒட்டி நின்றதைக் கண்டபோதுதான் நம்பிக்கை வந்தது. பண்டிகைக் காலத்தைப் பதின்மூன்றாவது மாதமாக வைத்துக்கொண்டு, மீதி நாட்களுக்கு நாள் சராசரியில் தனிக் குறியீடு போட்டேன்.

பொங்கலுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது ஜனவரி நடுவிலிருந்து நகர்வதே இல்லை. ஆனால் 2022 ஜனவரியில் கொரோனா ஊரடங்கால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கடை மூடியிருந்தது. குறியீடுகள் 85, 124, 128. சராசரி எடுத்தால் அந்த 85 மற்ற இரண்டையும் கீழே இழுத்துவிடும். நடு எண்ணான 124-ஐயே வைத்துக்கொண்டேன். அதனால் கூட்டுத்தொகை சற்று மாறியது. எல்லாக் குறியீடுகளையும் அதற்கேற்ப ஒரே விகிதத்தில் சரிசெய்தேன்.

2025 தீபாவளி அக்டோபர் 20. எனவே 28 நாள் கணக்கு செப்டம்பர் 22-இலேயே தொடங்குகிறது. புடவை ஆர்டரை ஆகஸ்டுக்கு முன்னே நகர்த்தினேன். நவம்பருக்கு 65 என்று எழுதி, சரக்கைக் குறைத்தேன்.