பாதியில் நின்ற பதிலும் நன்றி மின்னஞ்சலும்

சிங்கப்பூரில் வேலை நேர்காணல் முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்ததும் பலர் கைபேசியில் நன்றி மின்னஞ்சலைத் தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்வது நல்லது. உங்களிடம் பேசியவர்களின் பெயர்கள், அவர்கள் பிரிவில் இழுத்தடிப்பதாகச் சொன்ன வேலை, நீங்கள் அரைகுறையாகப் பதில் சொன்ன கேள்வி. மூன்றாவதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. ஆனால் கடிதம் எழுதக் காரணம் கிடைப்பது அங்கேதான்.

ஒரு கணக்குப் பிரிவு வேலையை எடுத்துக்கொள்வோம். ஜூரோங் பக்கம் ஒரு மொத்த வியாபார நிறுவனம். மாதக் கணக்கை முடிக்க எட்டு வேலை நாள் ஆகிறது, சப்ளையர் ஸ்டேட்மெண்டுகள் ஒத்துப்போவதே இல்லை என்று மேலாளர் சொல்கிறார். நீங்களானால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். பதற்றத்தில், "எனக்கு எக்செல் நன்றாகத் தெரியும்" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. மறுநாள் காலை போகும் மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதன் சாரம் இப்படி:

"நேற்று எனக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. மாதக் கணக்கு முடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சொன்ன பதில் முழுமையாக இல்லை. இப்போதைய வேலையில், 25ஆம் தேதியே பெரிய சப்ளையர்களிடம் ஸ்டேட்மெண்ட் வாங்கிச் சரிபார்த்துவிடுகிறேன். மாதம் முடிந்தபின் கடைசி வாரத்து பில்கள் மட்டுமே மிஞ்சும். உங்கள் பிரிவில் இந்தச் சிக்கலைக் கையில் எடுக்க ஆர்வமாக இருக்கிறேன். வேறு விவரம் தேவைப்பட்டால் அனுப்புகிறேன்."

ஆர்வத்தைச் சொல்வது ஒரே ஒரு வரி. அதுவும் "உங்கள் நிறுவனம்" என்று பொதுவாக நிற்காமல் ஒரு குறிப்பிட்ட வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கடிதம் எதையும் கேட்கவில்லை, ஒன்றைக் கொடுக்கிறது. கெஞ்சல் தொனி இல்லாமல் போவது இதனால்தான். ஆங்கிலத்தில் நூறு சொல்லுக்குள் அடங்கிவிடும். கைபேசித் திரையில் பெரும்பாலும் ஒரே பார்வையில் படித்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: இப்போதைய முதலாளியின் சப்ளையர் பெயரையோ மாதிரிக் கோப்பையோ சேர்க்கக் கூடாது. அவர்கள் ரகசியத்தை வெளியே விடுபவர் நாளை நம்முடையதையும் விடுவார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் பணிவில். தமிழில் "தயவுகூர்ந்து பரிசீலித்து ஒரு வாய்ப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பது வெறும் மரியாதை. அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் மன்றாடுவதாக ஒலிக்கும். சம்பளம் எவ்வளவானாலும் சம்மதம், என் வேலை அனுமதி பாஸ் அடுத்த மாதம் முடிகிறது, உங்கள் பதிலுக்காகவே காத்திருக்கிறேன் போன்ற வரிகளும் அப்படித்தான். பாஸ் விவரம் முக்கியமே, ஆனால் மனிதவள அதிகாரி கேட்கும்போது சொல்ல வேண்டிய தகவல் அது. நன்றிக் கடிதத்தில் வந்தால் நெருக்கடியாகத் தெரியும்.

பெயரில் கவனம் தேவை. சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் பொதுவாக முதலில் வரும். ஆகவே "மிஸ் டான்" என்று அழைக்க வேண்டியவரை, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று நினைத்து அழைத்துவிடக் கூடாது. நேர்காணல் அழைப்பு வந்த மின்னஞ்சலில் அவர் எப்படிக் கையெழுத்திட்டிருக்கிறாரோ அப்படியே எழுதுவது பாதுகாப்பு. இரண்டு பேர் கேள்வி கேட்டிருந்தால் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பினால் அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும்போது வெளிப்பட்டுவிடும். ஏஜென்சி வழியாகப் போயிருந்தால் அவர்களிடமே கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நேரே எழுதுவது அவர்களைத் தாண்டிப் போவதாகப் படும். அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்திருந்தாலும் நன்றியை மின்னஞ்சலில் அனுப்புவதே மேல். மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

ஒரு நாளுக்குள் அனுப்பினால் போதும். வெள்ளி மாலை முடிந்த நேர்காணலுக்குத் திங்கள் காலை எழுதலாம்.

பிறகு வரும் மௌனம்தான் ஆட்களைக் கெடுக்கிறது. வெளிநாட்டவர் ஒருவருக்காக எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் நிறுவனம், விலக்கு இல்லாத பட்சத்தில், அந்த வேலையை MyCareersFuture தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். விளம்பரம் ஓடும்போதே உங்களைப் பார்த்திருந்தால் முடிவு தாமதமாவதற்கு நீங்கள் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எனவே நேர்காணலின் கடைசியிலேயே எப்போது தெரியும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சொன்ன தேதி கடந்து இரண்டு வேலை நாள் ஆனதும் அதே மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரி: இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், முடிவு எப்போது தெரியவரும்? அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது மின்னஞ்சல் வேண்டாம்; அடுத்த விண்ணப்பத்தைப் போடுங்கள்.