மூணே செகண்ட், அதுல ஒரு அம்மா: சப்டைட்டில் டைரி

ஜூலை 8
மலையாளப் படம் ஒண்ணு, சின்ன பட்ஜெட், தமிழ் சப்டைட்டில் கேட்டிருக்காங்க. ரூல் ஷீட் வழக்கமானதுதான். ஒரு வரிக்கு 42 கேரக்டர், அதிகபட்சம் ரெண்டு வரி, செகண்டுக்கு 17 கேரக்டருக்கு மேல போகக்கூடாது, செகண்டுக்கு 24 ஃபிரேம் ஓடுற படம். பேச்சுத் தமிழ்ல எழுதலாம்னு சொல்லிட்டாங்க, பெரிய நிம்மதி. 'வைத்துக்கொள்கிறேன்'னா 18, 'வச்சுக்கறேன்'னா 12. இதுல ஒரு கூத்து என்னன்னா கண்ணுக்கு 'வச்சுக்கறேன்' ஏழே எழுத்து, ஆனா நான் யூஸ் பண்ற சாஃப்ட்வேர் புள்ளி, காலு, கொம்பு எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். 17ன்னா தமிழ்ல நிஜமா பத்து பன்னெண்டு எழுத்துதான் தேறும்.

ஜூலை 10
மறதி நோய் வந்த ஒரு பெரியவர், அவர் மனைவி. அவங்க அவருக்கு தலை சீவி விடுற சீன். அவர் எல்லாமே மறந்து போகுதுன்னு சொல்றார், இந்தம்மா சீப்பை நிறுத்தாமலே சொல்றாங்க: "சாரமில்ல. நம்முடெ ரண்டு பேருடெயும் காரியம் ஞான் ஓர்த்தோளாம்." கரெக்டா மூணு செகண்ட். அழுகை இல்ல, இழுவை இல்ல, ரேஷன் கார்டு எங்க இருக்குன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு போறாங்க, அதான் நெஞ்சுல அடிக்குது.

முதல்ல கணக்கு பாக்காம மனசுல வந்ததை எழுதிப் பாத்தேன்.

"நீங்க மறந்துட்டா பரவாயில்ல. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நானே ஞாபகம் வச்சுக்கறேன்."

83. மூணு செகண்டுக்கு இடம் 51. சரி டைமை நீட்டலாமான்னு பாத்தா, பேச்சு முடிஞ்சு 17 ஃபிரேம் கழிச்சு ஷாட் கட் ஆகுது. கட்டுக்கு ரெண்டு ஃபிரேம் முன்னாடியே டைட்டில் போயிடணும், இல்லன்னா ஷாட் மாறினதும் கண்ணு அதை புது டைட்டில்னு நெனச்சு மறுபடி முதல்லேர்ந்து படிக்கும்னு தொழில்ல ஒரு நம்பிக்கை. ஆக 15 ஃபிரேம் லாபம், மொத்தம் 87 ஃபிரேம், அதாவது 61 கேரக்டர். இன்னும் 22 வெட்டணும்.

ஜூலை 11
காலைல ஃப்ரெஷ்ஷா உக்காந்தேன். 'மறந்துட்டா' தேவையில்ல, அவர் இப்பதான் அதை சொல்லி முடிச்சார், டைட்டில்லயும் வந்தாச்சு. 'நீங்க'வும் வேணாம், ரூம்ல வேற யாரும் இல்ல, அவர் தலையில கை வச்சுட்டுதான் பேசறாங்க. படம் காட்டுறதை டைட்டில் திரும்ப சொல்ல வேண்டியதில்ல. 'நம்ம'வும் போகட்டும், 'ரெண்டு பேருக்கும்'லயே அது இருக்கு.

நடுவுல 'மறந்தா என்ன?'ன்னு ஆரம்பிச்சும் பாத்தேன். 62 வந்தது, ஒண்ணு அதிகம், அதை எப்படியாவது சமாளிச்சிருக்கலாம், ஆனா வாய்ஸ் இல்லாம வெறுமனே படிச்சா சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கு. வேணாம்.

'ரெண்டு பேருக்கும் நான் ஞாபகம் வச்சுக்கறேன்.'னு ஒரே வரியா போட்டா 43, வரி லிமிட்டே தாண்டுது, அதுவுமில்லாம 'சேத்து' போயிடுது. 'சேத்து' இல்லன்னா அவரோட பங்கையும் இவங்க சுமக்கிறாங்கங்கறதே போச்சு. 'நான்'ஐ எடுத்துடலாமான்னு கை போச்சு, தமிழ்ல 'வச்சுக்கறேன்'லயே ஆள் தெரியும், மலையாள வினையில அது கிடையாது, அதான் அங்க 'ஞான்' வேணும். ஆனா நடிகை அந்த 'ஞான்'ல லேசா அழுத்துறாங்க, காது கேக்குது. அதனால வச்சுட்டேன்.

பரவாயில்ல. ரெண்டு பேருக்கும் சேத்து
நான் ஞாபகம் வச்சுக்கறேன்.

மேல 35, கீழ 25, மொத்தம் 60.

ஜூலை 14
ரிவ்யூ பாக்குற அக்கா கேட்டாங்க, 'பரவாயில்ல'வை தனி டைட்டிலா விட்டா என்ன, பாவம் அந்தம்மா பேசறதுக்குள்ள ஆடியன்ஸ் முழுசையும் படிச்சுடுவாங்களேன்னு. நியாயமான கேள்விதான், ஆனா 61ல மிச்சம் இருந்த ஒரு கேரக்டரும் அதுல வீணாகும்னு காமிச்சேன். முதல் டைட்டில் ஒரு செகண்ட், 17 இடத்துல 10தான் நிரம்பும், மிச்சம் 7ஐ அடுத்ததுக்கு கடன் கொடுக்க முடியாது. ரெண்டு ஃபிரேம் இடைவெளி போக ரெண்டாவதுக்கு 43தான் கிடைக்கும், தேவை 49. மறுபடி 'சேத்து'தான் பலியாகும். தவிர அவங்க நடுவுல மூச்சு கூட விடல, ஒரே ஓட்டமா சொல்றாங்க. ஒரே டைட்டில்னு முடிவாச்சு. வரியை 'சேத்து'க்கு அப்புறம் உடைச்சதுல ஒரு நல்லது, 'நான்' கீழ்வரியோட தலையில வந்து நிக்குது, அழுத்தம் தானா விழுது.

ஜூலை 15
அடுத்து அவர் "உம்"னு ஒரு சத்தம் மட்டும் போடறார். டைட்டில் போடல. ஏன் காலியா இருக்குன்னு க்ளையண்ட் கமெண்ட் வந்தது. அந்த க்ளோசப்புல பாக்க வேண்டியது அவர் முகம், கீழ 'ம்'னு ஒண்ணு வந்தா கண்ணு அங்க இறங்கிடும்னு எழுதினேன். காது கேக்காதவங்களுக்கான ஃபைல் தனியா போகுது, அதுல கண்டிப்பா போடுவேன், அவங்களுக்கு அந்த சத்தமே பதில்.

ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கு கல்யாண வீட்டு சீன், நாலு பேர் ஒரே நேரத்துல பேசறாங்க.