வீட்டில் இருந்த நாளுக்கும் விடுதிச் சாப்பாட்டு பில்

மார்ச் மாதம் அப்பாவின் காலில் செம்பனைக் குலை விழுந்து எலும்பு முறிந்தது. 6ஆம் தேதி மாலை விடுதியிலிருந்து சுங்கை சிப்புட் வீட்டுக்கு வந்தவன், 27ஆம் தேதி இரவுதான் திரும்பினேன். மாதக் கடைசியில் வந்த சாப்பாட்டு பில்லில் 31 நாளும் இருந்தது. நாளுக்கு 12 ரிங்கிட், மொத்தம் 372.

அன்றிரவே வார்டனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்பாவின் கால், அம்மாவின் சம்பளம், எங்கள் கஷ்டம் எல்லாம் அதில் இருந்தது. நாள் கணக்கு மட்டும் இல்லை. "கட்டணத்தில் மாற்றம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது, பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கடித நகலைக் காட்டினேன். தோட்டத்தில் கிராணியாக, ஆள் வருகையைச் செக்ரோலில் பதியும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். படித்துவிட்டு, "தம்பி, செக்ரோல்ல பேர் போடாத நாளுக்குச் சம்பளம் எழுதுவாங்களா? நீ அங்க இல்லைங்கிறதுக்கு என்ன பதிவு இருக்கு? முதல்ல அதைத் தேடு" என்றார்.

பதிவு இரண்டு இருந்தன. ஒன்று, காவலர் அறையில் உள்ள வெளியே போகும் புத்தகம். போனதற்கும் வந்ததற்கும் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். இன்னொன்று, சமையலறை அக்கா வைத்திருந்த சாப்பாட்டுத் தாள். என் பெயருக்கு நேரே 7 முதல் 26 வரை கட்டங்கள் காலி. இரண்டையும் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். விடுதி விதிப் புத்தகத்தையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் சாப்பாட்டைக் கழிக்கலாம். ஆனால் மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று இருந்தது. நான் 7ஆம் தேதி காலைதான் வார்டனுக்குப் போனில் செய்தி அனுப்பியிருந்தேன்.

ஆக, 20 நாள் கேட்க வழியில்லை. முதல் மூன்று நாளுக்குச் சமையல்காரர் பொருள் வாங்கியிருப்பார், அது நியாயம்தான். போன நாள், வந்த நாள் இரண்டையும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அறை வாடகையைத் தொடவே இல்லை. கட்டில் எனக்காகத்தானே காத்திருந்தது!

மலாயில் எழுதிய இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். அதன் சாரம்: "மார்ச் 10 முதல் 26 வரை 17 நாள் நான் விடுதியில் சாப்பிடவில்லை. 17 × 12 = 204 ரிங்கிட்டைக் கழிக்கக் கேட்கிறேன். மறுப்பில்லாத 168 ரிங்கிட்டை இன்று கட்டிவிட்டேன், ரசீது இணைப்பில்." பணத்தை மொத்தமாக நிறுத்தி வைத்திருந்தால் பாக்கிக்காரன் என்ற பெயர் வந்து, பேச்சே வேறு பக்கம் போயிருக்கும்.

ஆபீசில் கொடுத்தபோது நகலில் தேதியோடு சாப் குத்தித் தரச் சொன்னேன். கிளார்க் அக்கா முறைத்தார், ஆனாலும் குத்தினார்.

பத்து நாள் கழித்து வார்டன் கூப்பிட்டார். காலை உணவு 3 ரிங்கிட், அது தலைக்கு இவ்வளவு என்று மாத ஒப்பந்தமாம், அதைக் கழிக்க முடியாது என்றார். மதியமும் இரவும் சேர்த்து நாளுக்கு 9 வீதம் 153 ரிங்கிட். அது ஏப்ரல் பில்லில் கழிவாக வரும் என்றார். ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். 51 ரிங்கிட்டுக்கு மூன்றாவது கடிதம் எழுதத் தெம்பில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.